செவ்வாய் இரவுக் கட்டில் கணக்கு

காலை எட்டரை மணிக்கு ஹாஃபிஸாவிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் எண்ணிக்கை தவறிவிடும், பழி பேசியவர் தலையில்தான் விழும். நான் இரண்டு முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

செம்பூரில் எங்களுடையது சின்ன அறக்கட்டளை ஆஸ்பத்திரி. நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு எந்த வார்டில் எத்தனை பேர் படுத்திருந்தார்கள், முந்தின நாள் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் வீட்டுக்குப் போனார்கள், கட்டில்களில் நூற்றுக்கு எத்தனை நிரம்பின, வீட்டுக்குப் போனவர்கள் சராசரியாக எத்தனை நாள் தங்கியிருந்தார்கள், எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்கி, நிர்வாகி ஜம்பு சார் வருவதற்குள் அவர் மேசையில் வைக்க வேண்டும். தயாரிப்பவள் ஹாஃபிஸா. மேசையில் வைப்பவள் அவருடைய செயலாளரான ராஜலக்ஷ்மி, அதாவது நான்.

ஹாஃபிஸாவுக்கு வீடு தாராவியில். வாப்பாவின் ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்பது அவள் வாயைத் திறந்தாலே தெரிந்துவிடும். பி.காம். முடித்து ஒப்பந்த வேலையில் சேர்ந்தாள். சேர்ந்த புதிதில் பிரசவ வார்டில் பிறந்த குழந்தைகளையும் தலைக்கணக்கில் சேர்த்துவிட்டாள். கட்டில்கள் ஏறக்குறைய இரட்டிப்பாக நிரம்பிவிட்டதாகக் காகிதம் சொன்னது. ஜம்பு சார் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“என்னம்மா இது, ஒரு கட்டில்ல ரெண்டு பேரா?”

“ஆமா சார். அம்மாவும் பிள்ளையும்.”

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அன்றிலிருந்து குழந்தைகளுக்குத் தனி வரி. ஆனால் அவளுக்கு அது மனசில் ஆறவே இல்லை. “அதுவும் ஆளுதானக்கா” என்று இன்றைக்கும் முணுமுணுப்பாள்.

இப்படியே ஆறு வருஷம் ஓடியது. ஒரு வழியாக அவளை நிரந்தரமாக்கும் ஃபைல் ஜம்பு சார் மேசைக்கு வந்தது. அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நிரந்தர ஊழியரின் தாய்க்கு எங்கள் ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். ஹாஃபிஸாவின் உம்மா முழங்கால் வலியோடு மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவாள். அந்த ஆபரேஷன் இந்தக் கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

ஜம்பு சாருக்கோ கண்ணெல்லாம் பிரசவ வார்டு மேல். அங்கே இருபத்துநான்கு கட்டில். செவ்வாய் இரவு தரையில் மெத்தை போடும் அளவுக்குக் கூட்டம், புதன் இரவு பாதி வார்டு காலி. சராசரி தங்கல் நாலு நாளை எட்டிக்கொண்டிருந்தது. சுகப்பிரசவங்களே மிகுதியான வார்டில் அது அதிகம்தான்.

“டாக்டர் போகலாம்னு எழுதினப்புறமும் படுத்துண்டிருக்கா. இது என்ன கல்யாணச் சத்திரமா?” என்று குதித்தார். “நேரத்துக்கு அனுப்பினா பதினெட்டுக் கட்டில் போதும். மிச்ச ஆறை டயாலிசிஸுக்குக் குடுத்துடறேன். ஹாஃபிஸா, நாளையிலிருந்து புதுசா ஒரு பகுதி சேர். டிஸ்சார்ஜ் எழுதியும் போகாதவா பேரு, காரணம். ஒருத்தர் விடாம!”

அவர் இதைச் சொன்னது செவ்வாய்க்கிழமை காலை. வார்டைப் பார்த்துக்கொள்ளும் வந்தனா சிஸ்டர் மராட்டிக்காரர். கட்டில் பறிபோகும் என்றதும் அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

மறுநாள் காலை ஹாஃபிஸா காகிதத்தோடு என் அறைக்கு வந்தாள். வழக்கமான வேகம் இல்லை. வாங்கிப் பார்த்தேன். பிரசவ வார்டில் நள்ளிரவில் இருபத்தேழு பேர். புதுப் பகுதியில் ஐந்து பெயர்கள். ஐந்துக்கும் காரணம் ஒன்றே: ‘செவ்வாய்க்கிழமை என்பதால் வீட்டார் மறுப்பு.’ ஐந்தாவது பெயர் சாருலதா. ஜம்பு சாரின் ஒரே மகள். சனிக்கிழமை பிரசவம். தனி அறை வேண்டாம், எல்லாரையும் போல வார்டிலேயே இருக்கட்டும் என்று சொன்னவரும் அவரேதான்.

செவ்வாய் என்றதும் எனக்கு ஆச்சரியமே இல்லை. எங்கள் மாட்டுங்கா வீட்டில் செவ்வாயன்று ஊறுகாய் ஜாடிகூட இடம் மாறாது. பச்சைக் குழந்தையை யார் கிளப்புவார்கள்? ஹாஃபிஸாவுக்குத்தான் அன்றுவரை விஷயம் தெரியாது. செவ்வாயில் டாக்டர்கள் லீவு போடுகிறார்கள் என்று பல நாளாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாளாம்.

“அடி அசடே, இது யாருன்னு தெரியுமோ?”

“தெரியும்க்கா. சாரோட மவ.”

பின்னாலேயே வந்தனா சிஸ்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார். “அரே, பாகல் ஹோ க்யா ஹாஃபிஸா? பைத்தியமா உனக்கு? அப்சர்வேஷன்ல வச்சிருக்குன்னு எழுது! நான் சைன் பண்றேன்.”

“அப்படி எழுதினா அந்தப் பிள்ளைக்கு இல்லாத சீக்கு பேப்பர்ல வந்திரும்லா சிஸ்டர்? மத்த நாலு பேரையும் உள்ளபடி எழுதிட்டு இவியளுக்கு மட்டும் மாத்தினா, அவிய என்ன குத்தம் செஞ்சாவ?”

“உன் ஃபைல் அவர் மேஜையில இருக்குடி!” என்று நான் அடிக்குரலில் கத்தினேன்.

“பயமாத்தான்க்கா இருக்கு” என்றாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் காகிதத்தைத் திருப்பி வாங்க அவள் கை நீளவில்லை. எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. அதே சமயம் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. காகிதத்தைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். அன்றைக்கென்று அவர் சீக்கிரமாக வந்து தொலைத்தார்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். பிறகு போனை எடுத்து வீட்டைக் கூப்பிட்டார்.

“நேத்திக்குச் சாருவை ஏன் அழைச்சுண்டு போகலே?”

அவர் ஆத்து மாமியின் குரல் என் மேசை வரை கேட்டது. “செவ்வாக்கிழமைன்னா யாராவது பச்சைக் குழந்தையை அழைச்சுண்டு வருவாளா? உங்களுக்கு ஆஸ்பத்திரி நடத்தத் தெரியும், குடும்பம் நடத்தத் தெரியுமா?”

போனை வைத்தார். ஹாஃபிஸாவைக் கூப்பிடச் சொன்னார். அவள் வந்து நின்றாள்.

“ஒருத்தர் விடாம எழுதச் சொன்னேன்.”

“ஆமா சார்.”

“எழுதிட்டே.” அவ்வளவுதான், மனிதருக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. தோள் குலுங்கச் சிரித்தார். “என் ஆத்துக்காரிகிட்டயே என்னால முடியலே. வந்தனா சிஸ்டர் பாவம் என்ன பண்ணுவா? சரி, இந்த அஞ்சு பேரையும் திங்களே அனுப்பியிருக்கலாமா?”

வாசலில் நின்றிருந்த வந்தனா சிஸ்டர் முந்திக்கொண்டார். “மூணு பேரை அனுப்பியிருக்கலாம் சார். பேபியோட மஞ்சள் காமாலை ரிப்போர்ட் சாயங்காலம்தான் வருது. டாக்டர் ரவுண்டு மத்தியானமே முடிஞ்சுடுது.”

“அப்போ திங்கட்கிழமை சாயங்காலம் இன்னொரு ரவுண்டு வைப்போம். உடம்பு சரியா இருக்கறவா அன்னிக்கே போகட்டும். ரெண்டு மாசம் பார்ப்போம். அதுவரைக்கும் கட்டில் எங்கேயும் போகாது.”

ஹாஃபிஸாவின் ஃபைலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கானால் எரிச்சல் தாங்கவில்லை. அவள் மட்டும் தினமும் எட்டரைக்குத் தலையைக் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தாள். செவ்வாய் இரவு எண்ணிக்கை இருபத்திரண்டுக்கு இறங்கியது. சராசரி தங்கல் மூன்று நாளுக்குப் பக்கத்தில் வந்தது. தரை மெத்தைகள் பரணுக்குப் போயின. ஆறு கட்டிலும் வார்டிலேயே தங்கின.

அப்புறம் ஒரு நாள் ஜம்பு சார் அந்த ஃபைலை என்னிடம் நீட்டினார். கையெழுத்து இருந்தது. “இந்த மாதிரி கணக்கு எழுதறவளை ஒப்பந்தத்துல வச்சிருந்தது என் தப்பு. கொண்டுபோய்க் குடுங்கோ” என்றார்.

அன்றும் செவ்வாய்க்கிழமை. நல்ல காகிதத்தை நான் செவ்வாயில் யார் கையிலும் கொடுத்ததில்லை. மறுநாள் கொடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அப்புறம் எனக்கே வெட்கமாகிப்போய், படியிறங்கி ஓடினேன்.

ஹாஃபிஸா படித்தாள். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், எனக்கென்ன கல் நெஞ்சா? கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“எலும்பு வார்டுல ரெண்டு கட்டில் காலியா இருக்குக்கா” என்றாள். “உம்மாவுக்காவ காலைலயே பாத்து வச்சிட்டேன்.”