பத்தாவது விடை

மூன்றே கால் மணிக்குச் செய்தி வந்தது. அச்சகத்தில் மதிய டீ ஆறிக்கொண்டிருந்தது. முதலாளி போனை வைத்துவிட்டுக் கணினி அறை வாசலில் வந்து நின்றார். யார் முகத்தையும் பார்க்காமல், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து, "திருத்தம் போயிட்டாராம்" என்றார். அறையில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி திருத்தத்தின் மனைவி. அது தன்னிடம் சொல்லப்பட்டது என்று உறைக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அது பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கில இலக்கணப் பயிற்சி நூல்கள் போடும் அச்சகம். அவள் பக்கங்களைக் கணினியில் அடித்துக் கோப்பாள். அவர் பிழை பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை கையில் கிடைத்தாலும் பேனாவைத் திறந்துவிடுவார் என்பதால் 'திருத்தம்' என்ற பட்டப்பெயர். அவருடைய பெரிய எதிரி say, tell இரண்டும்தான். நமக்கு எல்லாவற்றுக்கும் 'சொல்' ஒன்றே போதும். அதனால்தான் பிள்ளைகள் He said me என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்பார். முதலாளியே ஒருமுறை காகித வியாபாரிக்கு I said you yesterday என்று எழுதிவிட்டார். "முதலாளி, sayக்குப் பின்னால ஆளைத் தனியா தள்ளிவிடாதீங்க. துணைக்கு ஒரு to அனுப்புங்க. tell-னா மட்டும் ஆளு தைரியமா ஒட்டி நிப்பான்" என்று அடித்துத் திருத்திக் கொடுத்தார். முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்று மதியம் அந்தச் சிரிப்பு அவள் பக்கம் திரும்பியது. பழைய விடைகளைப் பார்த்துப் பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள் என்று, புதிய பதிப்பில் கேள்விகளின் வரிசையை மாற்றச் சொல்லியிருந்தார்கள். say, tell பயிற்சியின் பத்து வாக்கியங்களையும் அவள் கலைத்து அடுக்கினாள். கடைசிப் பக்கத்து விடைகளைப் பழைய வரிசையிலேயே விட்டுவிட்டாள். மூன்றாவது வாக்கியம் My brother ___ me the truth. விடையில் said. me ஒட்டி நிற்கும்போது said எப்படி வரும் என்று அவர் சிவப்பில் சுழித்தார்.

"இந்தா, உன் விடையெல்லாம் வீடு மாறிக் குடிபோயிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏழு விடைகள் வரை திருத்தி, ஒவ்வொன்றாய் டிக் போட்டுவிட்டு, மாத்திரை வாங்கி வருவதாகச் சொல்லி எழுந்தார். அவள் திரையைவிட்டுத் தலையைத் திருப்பவில்லை. அவர் மருந்துக்கடை வாசலிலேயே விழுந்துவிட்டார்.

காரியங்கள் முடிந்து அவள் வேலைக்கு வந்தபோது அந்தப் பக்கம் மட்டும் பாக்கி இருந்தது. மாலைக்குள் வராவிட்டால் மெஷின் வேறு வேலைக்குப் போய்விடும்; புத்தகம் பள்ளி திறந்த பிறகுதான் வரும். மூன்று விடைதானே, அப்படியே விட்டுவிடலாமா என்று முதலாளி மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

"பசங்க விடையைப் பாத்துத்தானே கத்துக்குவாங்க. தப்பாப் பதிஞ்சுட்டா அப்புறம் யாரு வந்து திருத்துவாங்க?"

முதலாளி கீழே மெஷின்காரரிடம் மாலை வரை பொறுக்கச் சொன்னார்.

கணவர் திருத்திய ஏழையும் மீதி மூன்றையும் அவளே திரையில் மாற்றி அடித்து, அவர் டிக் போட்ட பழைய தாளையே எடுத்தாள். அடித்த கை சரிபார்க்கக் கூடாது என்பது அங்கே அவர் வைத்த வழக்கம். ஒருவர் வாக்கியத்தை வாசிக்க வேண்டும், அடித்தவர் விடை சொல்ல வேண்டும், வாசித்தவர் டிக் போட வேண்டும். வேறு ஆள் இல்லாததால் முதலாளியே மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திருத்தத்தின் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஏழு வரை அவர் போட்ட டிக்கே இருந்தது. அதற்குக் கீழே தொடங்கினார்கள்.

எட்டாவது The doctor ___ us nothing. told என்றாள். us ஒட்டி நிற்கிறது. டிக்.

ஒன்பதாவது He ___ that he was tired.

"இதுக்கு told வராதாம்மா?"

"யாருகிட்டன்னு ஆளே இல்லையே. நேரா that வந்துட்டா saidதான்."

டிக். முதலாளி திருத்தத்தின் சிவப்புப் பேனாவைத்தான் பிடித்திருந்தார். அது அடைத்து அடைத்து எழுதியது.

பத்தாவதை, பழைய வாக்கியம் ஒன்றை எடுத்துவிட்டு, இந்தப் பதிப்புக்காக அவளே புதிதாக எழுதிச் சேர்த்திருந்தாள். முதலாளி எழுத்துக் கூட்டி வாசித்தார். She ___ to her husband, "Come home early."

to இருக்கிறது. விடை அவளுக்குத் தெரியும். திரையில் அந்த விடையை விரலால் மறைத்துக்கொண்டாள். முதலாளி காத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கீழேயிருந்து மெஷின்காரர் இரண்டு முறை கூப்பிட்டார்.

"இன்னைக்கு வேண்டாம்மா. வேற வேலையை ஏத்தச் சொல்றேன்" என்று எழுந்து படியிறங்கினார்.

தாள் மேசைமேல் அப்படியே இருக்கிறது. பத்தாவது விடைக்கு நேரே டிக் இல்லை.