புரோநோட்டின் பின்பக்கம்

தாணுலிங்கத்தின் குடை நிழல் விழுந்தால் சம்பளக் கவர் தானாகவே மெலிந்துவிடும் என்று டிப்போவில் சொல்வார்கள். சம்பளத் தேதி வந்தால் போதும், வெயிலோ மழையோ, வாசலில் அந்தக் குடை விரிந்து நிற்கும். அதைக் கண்டதும் கண்டக்டர் அழகியநம்பி பின்வாசலைத் தேடுவார். பதினேழு வருஷம் நெரிசலில் நசுங்கியும் பின்வாங்காத ஆள் அவர்.

பெண்டாட்டி பகவதிக்குப் பித்தப்பையில் கல். ஆப்பரேஷனுக்காகத் தொண்ணூற்று நாலு ஜூலையில் தாணுலிங்கத்திடம் பத்தாயிரம் கடன் வாங்கினார். நூற்றுக்கு மாதம் பத்து வட்டி. முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு கையில் வந்தது ஒன்பதாயிரம். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து வாங்கிய புரோநோட்டு தாணுலிங்கத்தின் பைக்குள் போயிற்று. பகவதியின் கல் கோலிக்குண்டு அளவு இருந்தது. தாணுலிங்கம் தலையில் வைத்த கல்லோ மாதந்தோறும் ஆயிரம் ரூபாய் தின்றுகொண்டிருந்தது. அசலில் ஒரு பைசா குறையவில்லை.

இந்தக் கூத்தைத் தினமும் அதே பஸ்ஸில் வரும் ஞானபாய் பார்த்துக்கொண்டே இருந்தாள். டிப்போ கேன்டீனுக்குப் பின்னால் இருந்த தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் அவள். ஒரு நாள் டிக்கெட் வாங்கும்போது கேட்டேவிட்டாள்.

"ஓய் நம்பியண்ணே, சங்கத்துல ஏன் சேரல்லை?"

"அங்க சோப்பும் தேங்காயெண்ணெயும்தானே விக்கிறீங்க?"

"லோனும் குடுப்போம். வருஷத்துக்கு நூத்துக்குப் பதினாலு."

"மாசத்துக்கா?"

"வருஷத்துக்குண்ணு சொன்னேன். காதுல டிக்கெட்டையா திணிச்சிருக்கீர்?"

நம்பி அதிர்ந்துபோய் மூன்று ரூபாய்க்கு ஐந்து ரூபாய் டிக்கெட்டைக் கிழித்தார். பதினேழு வருஷத்தில் முதல் தப்பு. அதைவிட ஒன்று அவரைக் குடைந்தது. அவருடைய டிரைவர் யோசுவா அந்தச் சங்கத்தில் பழைய உறுப்பினனாம். மூன்று வருஷமாக ஒரே வண்டி, ஒரே தூக்குச்சட்டியில் சோறு. ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

"அதெல்லாம் பெரிய மெனக்கேடு அண்ணே" என்றான் யோசுவா, ரோட்டைப் பார்த்தபடி.

மெனக்கேடுதான். விண்ணப்பம் கொடுத்து, நுழைவுக் கட்டணம் கட்டி, நூறு ரூபாய்க்கு ஒரு பங்கு வாங்கினார். நிர்வாகக் குழு கூடி அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. மாதம் ஐம்பது ரூபாய் சிக்கனச் சேமிப்பு. ஆறு மாதம் கழிந்தால்தான் கடன் கேட்கலாம். அந்த ஆறு மாதமும் குடை வாசலில்தான் நின்றது.

ஆறு மாதம் கழிந்து, தொண்ணூற்றாறு ஜூனில் பன்னிரண்டாயிரத்துக்கு எழுதிக் கொடுத்தார். சம்பளச் சான்று வேண்டும், சம்பளத்தில் தவணை பிடித்துக்கொள்ளச் சம்மதம் எழுத வேண்டும், சங்க உறுப்பினர் இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். மெக்கானிக் ஜெயன் கேட்டவுடன் கையெழுத்துப் போட்டான். யோசுவா பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒரு டீ ஆறும் நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு பேனா முனை உடையும்படி அழுத்திக் கையெழுத்திட்டான். பாசம் என்று நினைத்து நம்பிக்குக் கண் கலங்கியது.

பணம் வாங்கிய அன்று இன்னொரு அதிர்ச்சி. கையில் வந்தது பத்தாயிரத்துத் தொள்ளாயிரம்.

"பாயம்மா, ஆயிரத்து நூறு எங்க?"

"கடன்ல பத்துல ஒண்ணு உங்க பேர்ல பங்கா இருக்கணும். ஏற்கெனவே நூறு இருக்கு, மிச்சத்தைப் பிடிச்சாச்சு. எங்கேயும் போகல்லை. கடன் தீர்ந்தபிறகு எடுக்கலாம், லாபம் வந்தா டிவிடெண்டும் உண்டு."

"தாணுலிங்கமும் இப்பிடித்தான் முன்னாலேயே பிடிச்சாரு."

"அவரு பிடிச்சது அவருக்கு. இது உமக்கு" என்று அவள் தவணை அட்டையைத் தள்ளினாள். மாதம் ஐந்நூறு வீதம் இருபத்து நாலு தவணை. வட்டி, மிச்சக் கடனுக்கு மட்டும். முதல் மாதம் நூற்று நாற்பது, பிறகு மாதாமாதம் குறையும். "ஒண்ணு கேளும். பழைய நோட்டு முழுசாக் கைக்கு வராம பணத்தை விடாதீரும். அதுல முழுத்தொகையும் வந்துச்சுண்ணு எழுதி வாங்கும். கிழிச்சுப் போட்டேன்ணு சொன்னா நம்பாதீரும்."

தாணுலிங்கத்துக்குக் கட்ட வேண்டியது அசல் பத்தாயிரம், அந்த மாத வட்டி ஆயிரம். குறைந்த நூறு ரூபாய் பகவதியின் அரிசிப் பானைக்குள்ளிருந்து வந்தது.

டிப்போ வாசலில் பணத்தைக் கண்டதும் தாணுலிங்கத்தின் குடை தானாக மடங்கியது.

"முதல் எதுக்கு வே இப்போ? வட்டி போதும். நமக்குள்ள என்ன அவசரம்?"

"நோட்டைக் குடும் அண்ணாச்சி."

"நோட்டு... வீட்டுல இல்ல. நாளைக்குப் பாலராமபுரத்துல உம்ம வண்டியிலேயே ஏறி வாறேன்."

மறுநாள் டியூட்டி ஏறும்போது நம்பி தன் கைப்பணம் பதினோராயிரம் என்று வேபில் என்ற டிக்கெட் கணக்குத் தாளில் எழுதினார். எழுதாவிட்டால், செக்கிங் இன்ஸ்பெக்டர் பையைக் கவிழ்த்துப் பார்க்கும்போது அது திருட்டுப் பணம். எழுத்தரம்மாள் சுப்புலக்ஷ்மி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தாள். "கண்டக்டர் கையிலா?"

பாலராமபுரத்தில் தாணுலிங்கம் ஏறினார். பணத்தை இரண்டு முறை எண்ணினார். நோட்டை உருவி, கிழிக்கப் போனார்.

பதினேழு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் கிழித்த விரல்கள் அவரைவிட வேகம். நோட்டு நம்பியிடம் வந்துவிட்டது.

"இதுல எழுதும். முழுத்தொகையும் வந்ததுண்ணு."

பல்லைக் கடித்துக்கொண்டு முன்பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தார். மை உலரட்டும் என்று நம்பி நோட்டை விசிறினார். விசிறும்போது பின்பக்கம் தெரிந்தது.

'இத்தொகையை யோசுவாவுக்கோ அவர் சொல்பவருக்கோ செலுத்தவும். தாணுலிங்கம்.' தேதி, நம்பி கடன் வாங்கியதற்கு மறுநாள். அதன்மேல் புத்தம்புதிய நீல மையில் ஒரு கோடு. கோடு அடித்தாலும் எழுத்து ஓடிப்போகவில்லை.

பஸ் முழுக்க இரைந்தும் நம்பியின் காதில் ஒன்றும் விழவில்லை.

"என்ன அண்ணாச்சி இது?"

"என்கிட்ட ஏது வே பணம்? உம்ம டிரைவர் சங்கத்துல லோன் எடுத்துத் தந்தான். அதுக்கு ஈடா உம்ம நோட்டை அவனுக்கு எழுதிக் குடுத்தேன். நீர் தந்த பத்து வட்டியில நாலு அவனுக்கு, ஆறு எனக்கு. நேத்து ராத்திரிதான் நோட்டைத் திருப்பி வாங்கிக் கோடு போட்டேன்."

நம்பி மணிக்கயிற்றை இழுத்தார். ஒற்றை மணி. வண்டி நின்றது. ஏற ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. இரட்டை மணி அடித்தால்தான் வண்டி கிளம்பும். அவர் அடிக்கவில்லை.

"சாரே, பெல் அடிக்கணும்! ஆபீஸ் சமயம்!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, பெல்!" என்றான் யோசுவா கண்ணாடியில் பார்த்து. கண்ணாடியில் தெரிந்தது புரோநோட்டு.

நம்பி நெரிசலைக் கிழித்துக்கொண்டு முன்னால் போனார்.

"மாசம் நானூறு. இருபத்து நாலு மாசம். ஒன்பதாயிரத்து அறுநூறு. என் சோத்தைத் தின்னுக்கிட்டேயாலே வாங்கினே?"

"அண்ணே... உங்க நோட்டுண்ணு தெரியும்போ பணம் குடுத்தாச்சு. பிறகு சொல்ல நாக்கு வரல்லை. அதுக்குத்தானே ஜாமீன் போட்டேன்."

ஜாமீன் என்ற சொல்லைக் கேட்டதும் நம்பிக்கு ஞானபாய் படித்துக் காட்டிய வரி ஞாபகம் வந்தது. கடன் வாங்கியவர் சம்பளத்தில் தவணை கிடைக்காவிட்டால் ஜாமீன்தாரர் சம்பளத்தில் பிடிக்கப்படும். பணம் பட்டுவாடா ஆனபிறகு ஜாமீன் தன் இஷ்டத்துக்கு விலக முடியாது.

"லே யோசுவா" என்றார் மெதுவாக. "எனக்கு உடம்புக்கு முடியல்லை. சம்பளம் இல்லாத லீவு நாலஞ்சு மாசம் போடலாமாண்ணு யோசிக்கேன்."

நின்ற வண்டியிலேயே யோசுவா பிரேக்கை மிதித்தான். ஜாமீன் நின்ற ஜெயனின் சம்பளமும் வெட்டுப்படுமே என்று நம்பி அந்த லீவை அப்போதே மனசுக்குள் ரத்து செய்துவிட்டார். அதை அவனிடம் சொல்ல வேண்டுமென்று சங்கத்தின் விதியில் எங்கும் இல்லையே!

திரும்பி வந்து தாணுலிங்கத்தின் முன் நின்றார்.

"டிக்கெட்?"

"எனக்கா?"

"பாலராமபுரத்துல ஏறினீரு. மூணு ரூபாய். சில்லறையாக் குடும்."

வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நம்பி கயிற்றை இழுத்தார். இரண்டு மணி. வண்டி கிளம்பியது. கடைசி ஸ்டாப்பான கிழக்கேகோட்டை வரும்வரை டிரைவர் ரோட்டைப் பார்த்ததைவிடக் கண்ணாடியைப் பார்த்ததுதான் அதிகம்.