மேலை வேர்

2024 நவம்பர் 16, சனிக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. கள்ளக்குறிச்சியில் தூறல். டைப்பிங் சென்டரில் எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். என் மனதில் ஒரே ஒருவர்தான்.

அவரும் என்னைப் போல ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர். ஒரே பள்ளியில் பதினேழு வருடம் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்தோம். வெள்ளிமலைப் பள்ளியின் தாவரவியல் டீச்சர், படங்களோடு நோட்ஸ் வேண்டுமென்று இருவரிடமும் கேட்டிருந்தார். பிடித்ததை நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் கொடுப்பாராம். என் பழைய சகா தன்னுடையதை எனக்கு முந்தியே அனுப்பிவிட்டார்; பெருமைக்கு எனக்கும் ஒரு பிரதி.

இருவரிடமும் இருந்தது ஒரே பழைய பாடப்புத்தகத்தின் பிடிஎஃப்.

"படத்த மட்டும் எடுத்துக் குடும்மா" என்றேன் சென்டர் பெண்ணிடம்.

"படம் தனியா இல்ல சார். ஸ்கேன் பண்ணது. பக்கமே ஒரு படம்தான். பெருசு பண்ணி வெட்டிதான் எடுக்கணும். படத்துக்குக் கீழ இருக்கிற எழுத்த மிஷினு படிச்சிடும்."

முப்பத்தொரு படங்களை வெட்டினாள். விளக்க வரிகளை மிஷின் படித்தது. 'இலையின் குறுக்குவெட்டு' என்பது 'இலேயின் குறுக்குவெட்டு' என்று வந்தது. துதிக்கை போல வளைந்த பழைய 'லை'யை அது 'லே' என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.

உடனே பையிலிருந்த அவர் நோட்ஸைப் புரட்டினேன். பதினோராம் படத்தின் கீழே 'இலேயின்'. மற்றதையெல்லாம் கண்ணால் பார்த்துத் திருத்தியவர் இந்த ஒன்றை விட்டிருந்தார். பல நாளாக இவ்வளவு நிம்மதியாக நான் டீ குடித்ததில்லை.

"எல்லா லேயையும் லையா மாத்திடும்மா, ஒரே அடியில."

"ஒவ்வொண்ணா பாத்துக்கினா நல்லது சார்."

"அவரு பாத்த லட்சணந்தான் தெரியுதே."

நாற்பத்திரண்டு பிரதி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மறுவாரம் மலை பஸ் ஏறினேன். டீச்சர் அவர் பிரதியையும் என் பிரதியையும் அருகருகே வைத்துக்கொண்டார். நான் பதினோராம் படத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"பாத்தன் சார். பேனாவுல திருத்திட்டன். உங்களுதுல இந்த ரெண்டு குறுக்குவெட்டுக்குக் கீழ இது இன்னாங்க? 'மேலை வேர், கீழே தண்டு'. மேலைன்னா மேற்கு. மேக்கால போற வேருங்களா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். டீச்சர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். 'லேமினேரியா' என்ற கடற்பாசி, 'லைமினேரியா' ஆகியிருந்தது.

"எத்தன எடத்துல மாறி இருக்குதோ, தேட எனக்கு நேரம் இல்லீங்க சார். அவருதுல ஒண்ணுதான். அதையே குடுத்துக்கிறன், கோச்சிக்காதீங்க."

இறங்கும் பஸ்ஸில் என் பிரதியில் ஒவ்வொன்றாக எண்ணினேன். ஒன்பது இடம். அவருக்கு ஒன்று. போன் பண்ணி இதை அவரிடம் சொல்லுவாரா டீச்சர் என்பதுதான் வழியெல்லாம் உறுத்தியது.

சென்டருக்கு முந்நூறு, ஜெராக்ஸுக்கு அறுநூற்று எழுபத்திரண்டு, பஸ்ஸுக்குத் தொண்ணூறு. ஆக ஆயிரத்து அறுபத்திரண்டு ரூபாய்.