இரண்டு பத்தி, பதினெட்டு மேற்கோள்

என் கடை ஜன்னலைத் திறந்தால் உப்பளம். வெளியே வெள்ளை, உள்ளே திரையில் வெள்ளை. இரண்டுக்கும் நடுவில் கண் கூசக் கூச நான் தட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. மரக்காணத்தில் டிடிபி சென்டர் என்றால் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. எல்லாம் ஒரே பக்கத்தில் முடிந்துவிடும் வாழ்க்கை.

2005 கோடையில் அந்தப் பெண் திரும்பி வந்த கவரோடு படியேறினாள். அம்மா உப்பளத்தில் வேலை செய்ய, மகள் அதே உப்புத் தண்ணீரின் பாசிகளைப் புதுச்சேரியில் ஆராய்ந்துகொண்டிருந்தாள். கட்டுரை ஒன்று அச்சேறினால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். கட்டுரை எழுதியவரே அமைத்து அனுப்பும் பக்கத்தை அப்படியே அச்சடிக்கிற ஆய்விதழ் அது. முதல் தடவை அமைத்தது நான்.

"என்னாச்சும்மா?"

"லேஅவுட் சரியில்லன்னு அனுப்பிட்டாங்கக்கா. நாளைக்குள்ள ஸ்பீடு போஸ்ட்ல போட்டாத்தான் இந்த இதழ்ல வரும்."

கடிதத்தைப் படிக்கப் படிக்க முகம் சுட்டது. நான் பத்திரிகை அடிக்கிற பேஜ்மேக்கர் மென்பொருளில் அடிக்குறிப்புக்கு வசதி கிடையாது. பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை நாடும்' வைக்கிற மாதிரி தனிப் பெட்டியில் கையால் வைத்திருந்தேன். கடைசி நேரத்தில் இரண்டு வரி சேர்த்ததும் வரியிலிருந்த அடிக்குறிப்புக் குறி மூன்றாம் பக்கம் போய்விட்டது, குறிப்பு இரண்டாம் பக்கத்திலேயே நின்றது. ஆதார நூலைக் காட்டும் மேற்கோள் எண், அடிக்குறிப்பு எண் இரண்டும் சொல்லின் தலைக்கு மேல் ஒரே மாதிரிப் பொடி எழுத்தில். 'இந்த 3 எது?' என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி.

"வேர்டுல முதல்லேர்ந்து போடலாம், உக்காரு" என்றேன்.

காதுகுத்துப் பத்திரிகைக்குக் காத்திருந்த உப்பளக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, எனுக்கு எப்போ?"

"இருங்கண்ணே, ரெண்டு பத்தி போட்டுட்டு வர்றேன்."

"பாத்தியா? கம்ப்யூட்டர்லயுமா பாத்தி கட்றாங்க? உப்பு எப்போ வாரலாம்?"

"நாளைக்கு" என்றாள் அந்தப் பெண், சிரிக்காமல்.

தலைப்பும் சுருக்கமும் பக்க அகலத்துக்கு. அதன் கீழே பக்கத்தை நெடுக்கில் பிரித்து, செய்தித்தாள் மாதிரி இரண்டு பத்தி. இப்போது அடிக்குறிப்பு, குறி எந்தப் பத்தியில் இருக்கிறதோ அந்தப் பத்தியின் காலடியிலேயே போய் உட்கார்ந்தது. குறி நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. மேற்கோள் எண்களைச் சதுர அடைப்புக்குள் இறக்கினோம். உப்பளங்களின் வரைபடம்தான் முரண்டு பிடித்தது. ஒரு பத்தியில் அடங்காத அகலம். இடம் போதாமல் அடுத்த பக்கம் தாவி, பின்னால் பாதிப் பக்கத்தைக் காலியாக விட்டது. பெட்டியில் போட்டு, பக்கத்தின் தலையில் இரண்டு பத்திக்கும் குறுக்கே நிறுத்தினேன். எழுத்து கீழே இரு கையாகப் பிரிந்து ஓடியது.

"அக்கா, படத்தப் பத்தி எழுதுறதுக்கு முன்னாடி படம் வரக்கூடாது."

"முந்தின பக்கத்துலயே சொல்லிட்டே, பாரு."

மூச்சு விட்டேன். அப்போதுதான் அவள் மெல்லச் சொன்னாள், இன்னும் ஒரு மேற்கோள் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று. நான்காவது இடத்தில். பதினேழு, பதினெட்டு ஆகும். நான்கிலிருந்து எல்லாமே ஒன்று நகரும்.

கையால் அடித்திருந்தால் அழுதிருப்பேன். இந்தத் தடவை ஒவ்வொரு எண்ணையும் கட்டுரையின் கடைசியில் வரும் நூற்பட்டியலோடு கட்டியிருந்தேன். பட்டியலில் புதியதைச் செருகி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, எண்களைப் புதுப்பிக்கும் எஃப் ஒன்பது விசையை அழுத்தினேன். ஒரு கண்சிமிட்டலில் அத்தனை எண்ணும் தானாக மாறியது. உப்பளக்காரர் கைதட்டினார், எதற்கென்று தெரியாமல்.

அச்செடுத்துச் சரிபார்த்தோம். அவள் எண்ணைப் படிக்க, நான் பட்டியலில் பெயரைப் படிக்க. இரண்டாவது அடிக்குறிப்புக்குள் இருந்த மேற்கோள் எண்ணில் நின்றாள்.

"பதினொண்ணு?"

பெயரைச் சொன்னேன்.

"இல்லக்கா! அது இவரு இல்ல. நான் யார மறுத்து எழுதுறேனோ, அவரையே எனக்குச் சாட்சியா நிக்க வச்சிருக்கு!"

இரண்டு நிமிஷம் திரையையே முறைத்தேன். பிறகு பொறி தட்டியது. மொத்தமாகத் தேர்ந்தெடுத்தபோது கட்டுரையின் உடல் மட்டும்தான் பிடிபட்டிருக்கிறது. அடிக்குறிப்பு தனி அறை, கதவைத் தட்டவே இல்லை. உள்ளே போய்த் தேர்ந்தெடுத்து மறுபடி அழுத்தினேன். பதினொன்று, பன்னிரண்டானது.

"ஹா!" என்று கத்திவிட்டேன். தெருவில் போனவர் திரும்பிப் பார்த்தார்.

"உப்பு எறங்கிடுச்சு போல" என்றார் உப்பளக்காரர். "இனிமே எம்புள்ளைக்குக் காது குத்தலாமா?"

மறுநாள் காலையில் கவர் போனது. சில வாரம் கழித்து, பஸ் முழுதாக நிற்பதற்குள் குதித்து இறங்கி ஓடி வந்தாள். கையில் கடிதம். திருத்தம் ஏதுமில்லை, அப்படியே அச்சுக்குப் போகிறது. அவள் படிக்க, நான் வாங்கிப் படிக்க, மறுபடி அவள் படிக்க, கடையே கொள்ளவில்லை எங்களை.

"ஆய்வேடும் நீங்கதான் அடிக்கணும்க்கா."

"அடிக்குறிப்பு எத்தினி?"

"நூத்திச் சொச்சம்."

"கொண்டா" என்றேன்.