தனியாக வந்த நம்பர்

மருத்துவமனையின் ஆன்லைன் சாட்டில் பதில் எழுதும் அக்காவுக்கு 'கேள்வி ராணி' என்று பட்டப்பெயர். பதினோரு வருஷமாக எதையும் கேட்காமல் செய்ததில்லை. அன்று வந்த செய்தியில் வெறும் பத்து இலக்க போன் நம்பர்தான் இருந்தது.

"கூப்பிடச் சொல்றாங்க, பேசிடலாம்க்கா," என்று பக்கத்து சீட்டுக்காரி ரிசீவரை எடுத்தாள்.

"யாரு நம்பர்னே தெரியாம வாயைக் கொடுத்து மாட்டிக்கவா? இரு," என்று சிடுசிடுத்த அக்கா எழுதினாள்: "இது உங்க நம்பரா? இதை என்ன செய்யணும்? நீங்க சொல்ற வரைக்கும் கூப்பிட மாட்டோம்."

பதில் உடனே வந்தது.

"கூப்பிடாதீங்க. என் வீட்டுக்காரர் நம்பர். என் ஃபைல்ல இருந்து எடுத்துடுங்க. நான் அங்க வர்றது அவருக்குத் தெரியக்கூடாது."

அதற்குள் ஒன்பது இலக்கம் அழுத்திவிட்டிருந்த பக்கத்து சீட்டுக்காரி, ரிசீவரைச் சத்தமில்லாமல் வைத்தாள்.