முற்றத்தில் காய்ந்த சோளக்கட்டைகள்

க்யிம்யிண்டைங் படகுத்துறையில் சோளம் அவித்து விற்கும் பெர்சிஸ், தின்ற கட்டையை நாய்க்கு வீசுகிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். அந்தக் கட்டைகளைப் பொறுக்கிவந்து, அடுப்பெரிக்கத் தன் வீட்டு முற்றத்தில் காயவைப்பாள். அங்கேதான் அவளுடைய நாய் ஷ்வே ஒன்றை விழுங்கியது.

ஓயாமல் வாந்தியெடுத்தது, சோற்றைத் தொடவில்லை, முக்கியும் மலம் வரவில்லை. வெறும் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் புகட்டியே நாளைக் கடத்தினாள்.

கால்நடை மருத்துவர் ஆசிக் ஸ்கேன் எடுத்துவிட்டு வயிற்றைத் திறந்தார். கட்டை அடைத்த இடத்தில் குடல் கறுத்து ஓட்டை விழுந்திருந்தது.

வெளியே வந்தார். “வாந்தி கண்டதுமே கொண்டாந்திருந்தா கட்டைய மட்டும் எடுத்திருக்கலாம்க்கா. இப்ப வயிறு பூரா சீழ். மயக்கத்துலயே போக விட்டுடலாமா?”

பெர்சிஸ் சரியென்று தலையசைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முற்றத்துக் கட்டைகள் அத்தனையையும் அள்ளி அடுப்பில் திணித்தாள். அந்த நெருப்பில்தான் மறுநாள் விற்பனைக்கான சோளமும் வெந்தது.