மிஞ்சிய இரண்டு முக்கோணங்கள்

கணக்கு வாத்தியாருக்கு ஊரில் இருந்த பெயர் அட்டவணை மாஸ்டர். பள்ளிகளுக்கு இடையிலான கிரிக்கெட் லீக்கின் செயலாளர் அவர்தான். மட்டையைப் பிடிக்கத் தெரியாது, பந்து வந்தால் ஒதுங்கி நிற்பார். ஆனால் யார் யாரோடு எந்தச் சனிக்கிழமை ஆட வேண்டும் என்று கேட்டுவிட்டால் போதும், மனுஷனைப் பிடித்து நிறுத்த முடியாது.

அவருடைய வித்தை எளிமையானது. ஆறு பள்ளிகளுக்கு ஆறு புள்ளி. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மற்ற ஐந்துக்கும் கோடு. ஒரு கோடு என்றால் ஒரு ஆட்டம், மொத்தம் பதினைந்து. ஒரு கலர் பென்சில் என்றால் ஒரு சனிக்கிழமை. ஒரு புள்ளியைத் தொடும் எந்த இரண்டு கோட்டுக்கும் ஒரே கலர் வரக் கூடாது, ஏனென்றால் ஒரு அணிக்கு ஒரு நாளில் ஒரு ஆட்டம்தான். ஐந்தே கலரில் எல்லாக் கோட்டையும் தீட்டி முடித்துவிடலாம். ஒரு பள்ளியை அசையாமல் உட்கார வைத்துவிட்டு மற்ற ஐந்தையும் வாரா வாரம் ஓரிடம் நகர்த்தினால் தானாக அமைந்துவிடும். இதை வருஷா வருஷம் வகுப்பில் பாடமாகவும் நடத்தி, பிள்ளைகளின் உயிரை வாங்குவார்.

இந்த வருஷம் லீக் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். மணிக்கூண்டுப் பள்ளியின் தலைமையாசிரியர் அவர். பெரிய மேஜை, அதைவிடப் பெரிய நாற்காலி. பெரிய பள்ளிகள் மூன்றும் முதல் மூன்று வாரம் சின்னப் பள்ளிகளோடு மட்டும் ஆடட்டும், பெரியவர்கள் ஒருவரோடொருவர் மோதுவதைக் கடைசி இரண்டு வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அப்போதுதான் விருந்தினர்கள் வருவார்கள் என்றார். சின்னப் பள்ளிகளை அடித்துத் துவைத்துப் பழகிக்கொள்ளலாம் என்பதைச் சொல்லவில்லை. சொல்லாமலே மாஸ்டருக்குப் புரிந்தது.

மாஸ்டர் மறுக்கவில்லை. செயலாளர் பதவி வருஷா வருஷம் தலைவர் கையெழுத்தில் வருவது. மூன்று வாரத்தில் ஒன்பது ஆட்டம் முடியும், மீதி ஆறு. இரண்டு சனிக்கிழமை, நாளுக்கு மூன்று. மைதானமும் மூன்று. கணக்கு அம்சமாக வந்தது. முதல் மூன்று வாரத்தை மட்டும் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, மீதியை அப்புறம் தருவதாகச் சொல்லிவிட்டார். தலையை ஆட்டிய வேகத்தில் பென்சிலை எடுக்க மறந்துவிட்டார்.

மூன்று வாரமும் நடந்தது. துவைக்கப் போனவர்களில் பாதிப் பேர் நனைந்து திரும்பினார்கள். குறிப்பாக, தகரக்கூரைப் பள்ளிப் பசங்கள் தலைவரின் பள்ளியையே மண்ணைக் கவ்வ வைத்தார்கள். அந்தப் பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் விளையாட்டு டீச்சர் வேறு யாருமில்லை, மாஸ்டரின் சொந்த மனைவி. இரண்டு பள்ளியும் ஆளுக்கு நாலு பாயிண்டோடு நின்றன. வென்றால் இரண்டு, தோற்றால் ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி சட்னிக்குத் தாளித்துக்கொண்டே, அடுத்த வாரம் நாங்கள் யாரோடு என்று கேட்டாள். இதோ, என்று மாஸ்டர் காகிதத்தை விரித்தார். பென்சில் இரண்டு. தீட்டாத கோடு ஆறு. பார்த்தார். இந்தப் பக்கம் பெரிய பள்ளிகள் மூன்றுக்கும் நடுவே ஒரு முக்கோணம். அந்தப் பக்கம் சின்னப் பள்ளிகள் மூன்றுக்கும் ஒரு முக்கோணம். நடுவில் தீட்டாத கோடு ஒன்றுகூட இல்லை.

மூன்று பேரில் இரண்டு பேர் ஆடினால் மூன்றாவது ஆள் சும்மா உட்கார வேண்டியதுதான். ஒரு முக்கோணத்தில் நாளுக்கு ஒரு ஆட்டம், அவ்வளவுதான். மூன்று கோட்டுக்கு மூன்று கலர் வேண்டும். கையில் இருப்பது இரண்டு. அதற்கப்புறம் பரீட்சை, மைதானம் பூட்டிவிடுவார்கள்.

"என்னங்க, முகம் இப்படி வெளுத்துப் போச்சு?"

"ஆட்டத்தை எண்ணினேன். யார் யாரோடன்னு பாக்கல."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். படம் புரிய அவளுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. புருஷனின் வித்தையைக் கல்யாணமான நாள் முதல் கேட்டுக் காது புளித்தவள்.

கமிட்டி கூடியது. மாஸ்டர் படத்தை விரித்துத் தன் தப்பைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் தலைவர் தீர்ப்பே எழுதிவிட்டார். முக்கோணத்துக்கு ஒரு ஆட்டம் ரத்து, இரண்டு அணிக்கும் ஆளுக்கு ஒரு பாயிண்ட். பெரிய பக்கம் ரத்தாவது மற்ற இரண்டு பள்ளிகளின் ஆட்டம். சின்னப் பக்கம் ரத்தாவது தகரக்கூரைக்கும் கிடங்குத் தெருப் பள்ளிக்கும் நடப்பது, மூன்றாவதான பாலத்தடிப் பள்ளி இரண்டையும் ஆடும். ஆக, தலைவரின் பள்ளி இரண்டு ஆட்டத்தையும் ஆடி எட்டு வரை ஏறலாம். தகரக்கூரை தலைகீழாக நின்றாலும் ஏழுதான். கொஞ்சமும் கூசாமல் இதைச் சமநீதி என்று வேறு சொன்னார்.

தகரக்கூரையின் சார்பில் வந்திருந்த மனைவி எதிர் நாற்காலியில் இருந்து மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் உடனே எழவில்லை. பயம்தான், வேறென்ன? பதவி போனால் வகுப்பிலும் வீட்டிலும் யார் மதிப்பார்கள்? ஆனாலும் எழுந்தார்.

"தப்பு என்னோடது சார். நாளுக்கு ஒரு ஆட்டம்னு விதி போட்டதும் நான்தான். ரெண்டு ஆட சம்மதிக்கிற பள்ளிக்கு அந்த விதிய தளர்த்திடலாம். எந்த ஆட்டத்தையும் ரத்து பண்ண வேண்டியதில்ல."

பெரிய பள்ளிக்காரர்கள் உடனே மறுத்தார்கள், பையன்கள் களைத்துப் போவார்களாம், ஓசி பாயிண்டே போதுமாம். கிடங்குத் தெருப் பள்ளி டீச்சர் மட்டும் கையைத் தூக்கினார். அவருடைய அணி மூன்றிலும் தோற்றிருந்தது. எங்கள் பசங்களுக்கு மைதானம் கிடைப்பதே அபூர்வம், காலையில் தகரக்கூரையோடும் மத்தியானம் பாலத்தடிப் பள்ளியோடும் ஆடுவோம், நாள் முழுக்க ஆடச் சொன்னாலும் ஆடுவோம் என்றார். தலைவர் மாஸ்டரை முறைத்தார். எல்லோர் முன்னாலும் மறுக்க வழியில்லாமல் சரி என்றார்.

வீடு திரும்பும் வழியில் மனைவி மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் தெருவில் வைத்து அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

நாலாவது வாரம் தகரக்கூரை பாலத்தடியை ஜெயித்தது, ஆறு பாயிண்ட். தலைவரின் பள்ளியும் ஜெயித்து ஆறு. கடைசிச் சனிக்கிழமை காலை, எல்லோரிடமும் உதை வாங்கிய கிடங்குத் தெருப் பசங்கள் வந்தார்கள். என்ன தின்றுவிட்டு வந்தார்களோ, தகரக்கூரையைப் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். ஜெயித்த குஷியில் மத்தியானம் பாலத்தடியிடம் தோற்றதைக்கூட அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. பக்கத்து மைதானத்தில் தலைவரின் பள்ளியும் தோற்றது. மத்தியானத்து வெற்றியில் ஆறுக்கு வந்த பாலத்தடியையும் சேர்த்து ஆறு பாயிண்டில் மூன்று பள்ளி. ரன் ரேட்டில் கோப்பை தலைவருக்குப் போனது.

அந்த ரத்து நடந்திருந்தால் தகரக்கூரைக்கு ஏழு. கோப்பை தகரக்கூரைக்கு. திருடப் பார்த்தவரின் கையில் கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தது மாஸ்டரின் நேர்மை.

இதைத் தலைவர் மேடை ஏறும்போதே கணக்குப் போட்டுவிட்டார். சிரிப்பு காது வரை போனது. மாஸ்டரை மேலே கூப்பிட்டு, கட்டிப்பிடித்து, இப்படிப்பட்ட நேர்மையான செயலாளர் நமக்கு இன்னும் பத்து வருஷம் வேண்டும் என்று மைக்கில் அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். போர்த்திய சால்வை மாஸ்டரின் கழுத்தை அறுத்தது.

மனைவி மைதானத்து ஓரத்தில் ஸ்டம்புகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய பசங்களில் இரண்டு பேர் அழுதுகொண்டிருந்தார்கள். மாஸ்டர் அருகே போய் நின்றார்.

"பதவி நிலைச்சுதா?" என்றாள், நிமிராமல்.

"பத்து வருஷத்துக்கு."

"நீங்க செஞ்சது சரிதாங்க. ஆனா எனக்கு வயிறு எரியுது. ரெண்டு நாளைக்கு எங்கிட்ட பேசாதீங்க."

மாஸ்டர் பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்.